அரை அலை டைபோல்: நீளம் எதைத் தீர்மானிக்கிறது, வடை வடிவம் எங்கிருந்து வருகிறது

நேரான கம்பியை நடுவில் பிளந்து அங்கே கேபிளை இணைக்கும் ஆன்டெனாவான அரை அலை டைபோலைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொல்கின்றன. அதன் நீளம் அலைநீளத்தில் பாதி என்பது ஒன்று. அதன் கதிர்வீச்சை எல்லாத் திசைகளிலும் அளந்து வரைந்தால் நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடையின் வடிவம் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதால், பாதி நீளத்துக்கு வெட்டியதன் விளைவாகவே வடை வடிவம் பிறக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆன்டெனாவின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் வடிவமே சிதைந்துவிடும் என்ற அச்சமும், நீளம் சரியாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பிவைத்தாலும் போதும் என்ற அலட்சியமும் இந்த ஒரே எண்ணத்திலிருந்து வருபவை. வடை வடிவம் மின்னோட்டம் ஒரு நேர்கோட்டில் ஓடுவதால் வருகிறது. பாதி நீளம் என்ற விதி அந்த மின்னோட்டத்தை எளிதாக ஓடவைப்பதற்காக வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு தொடர்பு உண்டு என்றாலும், அது பலரும் நினைப்பதைவிட மிக மெலிதானது.

இதை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. திருமங்கலத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், கொடைக்கானல் வானொலியின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பைத் தெளிவாகக் கேட்பதற்காக ஒருவர் டைபோல் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் அங்கிருந்து வடமேற்கே, உசிலம்பட்டி இருக்கும் அதே திசையில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மதுரை நகரமோ வடகிழக்கே, திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. நகரத்து எஃப்.எம். நிலையங்கள் அருகில் இருப்பதால் அவற்றின் அலை மிக வலுவாக வந்து சேர்கிறது. விலை குறைந்த ரேடியோவாக இருந்தால், அந்த வலுவே அதன் முன்பகுதியைத் திணறடித்து, தொலைவிலிருந்து மெலிதாக வரும் கொடைக்கானலின் மேல் இரைச்சலைக் கொட்டும். ஆகவே மாடியில் நிற்பவருக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன: 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு இசைந்த நீளம் ஒன்று, மதுரையைத் தவிர்த்துக் கொடைக்கானலைப் பார்க்கும் நிலை மற்றொன்று. முதலாவது நீளத்தின் கணக்கு. இரண்டாவது வடையின் கணக்கு.

நீளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மின்காந்த அலை ஒரு வினாடியில் 29.98 கோடி மீட்டர் செல்கிறது, 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் அந்த ஒரு வினாடியில் 10.05 கோடி முறை அதிர்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் அதிர்வுக்குள் அலை செல்லும் தூரம் 2.98 மீட்டர் என்று கிடைக்கிறது. அதுவே அலைநீளம். அதில் பாதி 1.49 மீட்டர், டைபோலை நடுவில் பிளந்து இரண்டு கைகளாக வைப்பதால் ஒவ்வொரு கைக்கும் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது கால் அலைநீளம் வருகிறது.

ஏன் பாதி? விளக்கம் கம்பியின் நுனியில் இருக்கிறது. எந்த ஆன்டெனாவும் அனுப்பும்போது எந்தத் திசையில் எவ்வளவு பலமோ, பெறும்போதும் அந்தத் திசையில் அவ்வளவே பலம் என்பது அடிப்படை விதி; ஆகவே புரிந்துகொள்ள எளிதான அனுப்பும் நிலையிலிருந்தே பேசலாம். நடுப்புள்ளியில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது அலையாகக் கம்பி வழியே நுனியை நோக்கிச் செல்கிறது. நுனிக்கு அப்பால் கம்பி இல்லை. ஆகவே அங்கே மின்னோட்டம் எப்போதும் பூஜ்யமாக இருந்தாக வேண்டும். வந்த அலைக்கு நேர் எதிரான குறியுடன் ஓர் அலை திரும்பிக் கிளம்பினால்தான் நுனியில் இரண்டும் சேர்ந்து பூஜ்யமாகும். அப்படித்தான் அது எதிரொலிக்கிறது. இப்போது நேரத்தைக் கவனிக்க வேண்டும். 100.5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு ஏறத்தாழ 10 நானோவினாடியில் முடிகிறது. கால் அலைநீளக் கையில் நுனிவரை செல்ல இரண்டரை நானோவினாடி, திரும்பிவர இன்னொரு இரண்டரை. அலை நடுப்புள்ளிக்குத் திரும்பி வரும்போது அங்கே சரியாக அரை அதிர்வு கடந்து, செலுத்தப்படும் மின்னோட்டத்தின் குறியும் மாறியிருக்கும். நுனியில் ஒருமுறை குறி மாறியது, பயண நேரத்தில் ஒருமுறை மாறியது. இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, திரும்பிவந்த மின்னோட்டம் புதிதாகச் செலுத்தப்படும் மின்னோட்டத்தோடு ஒரே கட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. இதையே ஒத்ததிர்வு என்கிறார்கள்.

இதன் பலனாகக் கம்பியில் ஒரு நிலையலை நிற்கிறது. நடுவில் மின்னோட்டம் மிக அதிகம், நுனிகளில் பூஜ்யம். மின்னழுத்தமோ இதற்கு நேர்மாறாக நுனிகளில் மிக அதிகம், நடுவில் குறைவு. அதிக மின்னோட்டமும் குறைந்த மின்னழுத்தமும் உள்ள இடத்தில்தான் நாம் கேபிளை இணைக்கிறோம் என்பதால், அந்த இடத்தில் ஆன்டெனா காட்டும் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, சுமார் 73 ஓம் அளவுக்கு அடக்கமாக இருக்கிறது. வீடுகளுக்கு டிவி கேபிள் இழுக்கப் பயன்படும் கோஆக்ஸ் 75 ஓம் ஆகும். எந்தக் கருவியும் இடையில் வைக்காமல் இரண்டையும் நேராக இணைக்கலாம் என்ற இந்த வசதிதான் அரை அலை நீளத்தின் உண்மையான பெருமை. கைகள் ஒவ்வொன்றையும் அரை அலைநீளமாக வெட்டிவிட்டால் நடுவில் மின்னோட்டம் குறைந்து, மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறிவிடும். ‘அரை அலை’ என்பது முழு ஆன்டெனாவின் நீளம், ஒரு கையின் நீளம் அல்ல என்பதை மறப்பவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

செய்முறையில் 1.49 மீட்டர் என்று வெட்டுவதில்லை. ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறைத்து 1.42 மீட்டர், அதாவது கைக்கு 71 சென்டிமீட்டர் என்று வெட்டுகிறார்கள். மெகாஹெர்ட்ஸால் 143-ஐ வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும் என்று, பொழுதுபோக்காக வானொலியில் அனுப்பிப் பெற்றுப் பேசும் ஹாம் வானொலிக்காரர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு இந்தக் குறைப்பையும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. குறைப்பதற்குக் காரணம், கம்பி நுனியோடு முடிந்தாலும் மின்புலம் அங்கே முடிவதில்லை. நுனியில் குவியும் மின்னூட்டம் சுற்றியுள்ள வெளியோடு ஒரு சிறிய மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், கம்பி தன் உண்மை நீளத்தைவிடச் சற்று நீண்டதாக அலைக்குத் தோன்றுகிறது. முடி போன்ற மெல்லிய கம்பியில் இந்த விளைவு குறைவு. அலுமினியக் குழாயில் அதிகம். மேலே பி.வி.சி. உறை போர்த்திய வயரை அப்படியே பயன்படுத்தினால் இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறைக்க நேரும்.

இந்தக் குறைப்பை வேறொன்றோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. கோஆக்ஸ் கேபிளுக்குள் அலை, வெட்டவெளியில் செல்லும் வேகத்தில் செல்வதில்லை. கெட்டியான பாலிஎத்திலீன் நிரப்பிய கேபிளில் அதன் வேகம் 66 சதவீதம்தான். கேபிளின் உறையில் அல்லது விவரக் குறிப்பில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதை ஆன்டெனாவின் நீளத்தோடு பெருக்கி 98 சென்டிமீட்டருக்கு வெட்டினால், கையில் இருப்பது 145 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு, மிகச் சரியான டைபோல்! டைபோலின் அலை செல்வது கம்பியைச் சூழ்ந்த காற்றில் என்பதால் கேபிளின் வேகக் கணக்குக்கு இங்கே வேலை இல்லை.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். ஐந்து சதவீதம் குறைக்காமல் சரியாக 1.49 மீட்டரிலேயே விட்டுவிட்டால், 73 ஓம் மின்தடையோடு சுமார் 42 ஓம் அளவுக்கு ஒரு தூண்டல் பகுதியும் சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் 75 ஓம் கேபிளுக்குள் போகாமல் திரும்பிவிடும் திறன் நூற்றுக்கு எட்டுப் பங்குதான். வானொலி கேட்பவர் இதைக் காதால் கண்டுபிடிக்கவே முடியாது. அனுப்புபவரின் நிலை வேறு: திரும்பிவரும் திறன் அவருடைய கருவியின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களை நோக்கிப் போகிறது என்பதால் அவர் அலை எவ்வளவு திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்து, எந்த அதிர்வெண்ணில் அளவு மிகக் குறைகிறது என்று தேடுகிறார். தான் விரும்பிய அதிர்வெண்ணுக்குக் கீழே அது குறைந்தால் கம்பி நீளம் அதிகம், மேலே குறைந்தால் நீளம் போதவில்லை. வெட்டியதை ஒட்டவைப்பது தொல்லை என்பதால் எல்லோரும் முதலில் சற்று நீளமாகவே விட்டு, பிறகு இரு நுனிகளிலும் சமமாகக் கத்தரித்துக்கொண்டு வருகிறார்கள்.

இத்தனை நேரம் பேசியதில் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வராததற்குக் காரணம், அது வேறு இடத்திலிருந்து வருகிறது.

நிலையாக நிற்கும் மின்னூட்டமோ, சீரான வேகத்தில் ஓடும் மின்னூட்டமோ அலையை உமிழ்வதில்லை. வேகம் மாறும்போதுதான் உமிழ்கிறது. டைபோலில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக ஆட்டப்படுகின்றன, ஆகவே அவற்றின் வேகம் இடைவிடாமல் மாறுகிறது. ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் எல்லாத் திசையில் நிற்பவருக்கும் பயன்படுவதில்லை. தொலைவில் நிற்பவரை வந்து சேரும் அலையின் மின்புலம், அவருடைய பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே மட்டுமே அதிர முடியும். ஆகவே மின்னூட்டத்தின் ஆட்டத்தில் அந்தக் கோட்டுக்குக் குறுக்காக விழும் பகுதி மட்டுமே அவருக்குரிய அலையாகிறது. கம்பிக்கு நேர் எதிரே, செங்குத்தான திசையில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் குறுக்காகவே தெரிகிறது. அவருக்கு முழு அலை கிடைக்கிறது. சாய்வாக நிற்பவருக்கு ஆட்டத்தின் ஒரு பகுதி மட்டும் குறுக்காகத் தெரிகிறது. கம்பியின் நுனிக்கு நேராக, கம்பி நீளும் அதே கோட்டில் நிற்பவருக்கு எலக்ட்ரான்கள் தன்னை நோக்கி வருவதும் விலகுவதுமாகத்தான் இருக்கும். குறுக்கு ஆட்டம் என்பது துளியும் இல்லை. அவருக்கு அலையும் இல்லை. வடையின் ஓட்டை இதுதான்.

வடை வட்டமாக இருப்பதற்குக் காரணம் இன்னும் எளிமையானது. மெல்லிய நேரான கம்பியை அதன் அச்சிலேயே உருட்டினால் அது முன்பு இருந்ததைப் போலவே இருக்கும். எனவே அச்சைச் சுற்றி எந்தப் பக்கம் நின்றாலும் கிடைக்கும் அலை ஒரே அளவாக இருந்தாக வேண்டும். கம்பியின் ஒரு பக்கத்தில் அளவு எப்படி நுனித் திசையில் பூஜ்யத்திலிருந்து ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மறு நுனித் திசையில் மீண்டும் பூஜ்யமாகிறது என்று வரைந்து, அந்தக் கோட்டைக் கம்பியைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றினால் முழு வடிவமும் கிடைத்துவிடுகிறது. உண்மையான வடையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும்; இங்கே பக்கங்கள் நடுப்புள்ளிவரை வந்து தொட்டுக்கொள்வதால் ஓட்டையின் இடுப்பு முழுவதும் ஒடுங்கியிருக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது வானத்தில் மிதக்கும் ஒரு பொருளின் எல்லை அல்ல, ஒரு வரைபடம். நடுவிலிருந்து ஒரு திசையில் மேற்பரப்புவரை உள்ள தூரம், அந்தத் திசையில் எவ்வளவு பலமாக அலை போகிறது என்பதை மட்டும் குறிக்கிறது. வடைக்கு வெளியே போனால் அலை இருக்காது என்று யாரும் படித்துவிடக் கூடாது.

மேலே சொன்ன காரணத்தில் கம்பியின் நீளம் எங்குமே வரவில்லை. அலைநீளத்தில் நூறில் ஒரு பங்கு நீளமுள்ள குட்டிக் கம்பிக்கும் அதே வடைதான். அப்படியானால் அரை அலை நீளம் வடிவத்துக்கு எதையும் செய்யவில்லையா? கொஞ்சம் செய்கிறது. கம்பி நீண்டதாக இருக்கும்போது அதன் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கிளம்பும் அலைகள், சாய்வான திசையில் நிற்பவருக்கு வெவ்வேறு தூரம் கடந்து வந்து சேர்கின்றன. செங்குத்தான திசையில் எல்லாத் தூரமும் சமம், எல்லாமே ஒன்றுசேர்ந்து கூடுகின்றன. சாய்வான திசையில் சற்று முன்பின்னாக வருவதால் ஒன்றையொன்று சிறிதளவு தேய்த்துக்கொள்கின்றன. ஆகவே வடையின் உச்சி அப்படியே இருக்க, நுனிகளை ஒட்டிய பகுதி இன்னும் கொஞ்சம் மெலிகிறது. இரண்டையும் சேர்த்த வாய்ப்பாடு இது. இதில் θ என்பது கம்பியின் திசையிலிருந்து அளக்கும் கோணம், E என்பது மின்புலத்தின் அளவு, உச்சத்தை 1 என்று கொண்டது.

```
E(θ) = cos(90° × cos θ) / sin θ
```

இதில் 30 டிகிரியைப் போட்டு இருபடி எடுத்தால் திறன் உச்சத்தில் 17.5 சதவீதம் என்று வருகிறது. குட்டிக் கம்பிக்கு அதே இடத்தில் 25 சதவீதம். 60 டிகிரியில் அரை அலைக்கு 67, குட்டிக் கம்பிக்கு 75. திறன் பாதியாகும் எல்லைகளுக்கு இடையே உள்ள அகலம் குட்டிக் கம்பிக்கு 90 டிகிரி, அரை அலை டைபோலுக்கு 78 டிகிரி. எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் உச்சித் திசையில் முன்னது 1.5 மடங்கும் பின்னது 1.64 மடங்கும் தருகின்றன; டைபோலின் ஆதாயம் 2.15 டெசிபெல் என்று அட்டவணைகளில் காணப்படும் எண் இந்த 1.64-தான். பாதி நீளம் வடிவத்துக்குச் செய்யும் உபகாரம் இந்த அளவில் நின்றுவிடுகிறது. வெறும் வடைக்காக என்றால் யாரும் 1.42 மீட்டருக்கு மெனக்கெட வேண்டியதில்லை.

நீளமும் வடிவமும் தனித்தனி என்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி ஹாம்களின் மாடியில் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய இருபது மீட்டர்க் கம்பி, ஏறத்தாழ மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸ் வரிசையிலும் ஒத்ததிர்கிறது. சரியாகச் சொன்னால் மூன்று மடங்குக்குச் சற்று மேலே. அங்கே அந்தக் கம்பியில் மூன்று அரை அலைகள் நிற்கின்றன, கேபிள் இணைக்கும் இடத்தில் மின்னோட்டம் உச்சமாகவே இருக்கிறது, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஆனால் நடுப்பகுதியில் மின்னோட்டம் ஒரு திசையிலும் இரு ஓரப் பகுதிகளில் எதிர்த்திசையிலும் ஓடுவதால் செங்குத்துத் திசையில் கூடவேண்டியவை பெருமளவு கழிந்துபோகின்றன. வடை உடைந்து, கம்பியோடு ஏறத்தாழ 43 டிகிரி சாய்ந்த திசைகளில் பெரிய இதழ்களும் குறுக்கே சிறிய இதழ்களுமாகப் பூ வடிவம் வருகிறது. ஒத்ததிர்வு அப்படியே இருக்க வடிவம் மட்டும் மாறிவிட்டது. மின்னோட்டம் கம்பி முழுவதும் ஒரே திசையில் ஓடும்வரைதான், அதாவது மொத்த நீளம் ஓர் அலைநீளத்தைத் தாண்டாதவரைதான், ஒற்றை வடை தங்கும். ஆனால் நுனிகளுக்கு நேரான பூஜ்யம் இந்தப் பூவிலும் மாறாமல் இருக்கிறது. எத்தனை இதழ் விரிந்தாலும் நேர்கோட்டில் ஓடும் மின்னோட்டம் தன் கோட்டிலேயே அலையை அனுப்ப முடியாது.

இனித் திருமங்கலத்து மாடிக்கு வருவோம். இரண்டு 71 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய்களை ஒரு பி.வி.சி. துண்டில் நடுவே விரற்கடை இடைவெளி விட்டுக் கிடையாகப் பூட்டி, கேபிளின் உட்கம்பியை ஒரு கையிலும் வெளிப்பின்னலை மறுகையிலும் இணைத்து, குழாய் கம்பத்தின் உச்சியில் வைத்தாகிவிட்டது. வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, டைபோலின் அகன்ற பக்கம் நிலையத்தைப் பார்க்கட்டும் என்பது. கொடைக்கானல் வடக்கிலிருந்து மேற்கே சுமார் 49 டிகிரி. ஆகவே குழாயின் அச்சு வடக்கிலிருந்து கிழக்கே 41 டிகிரி திசையில் நிற்க வேண்டும். மதுரை அங்கிருந்து ஏறத்தாழ 52 டிகிரியில் இருப்பதால் குழாயின் நுனிக்கும் மதுரைக்கும் இடையே 11 டிகிரிதான் வித்தியாசம். வாய்ப்பாட்டில் 11-ஐப் போட்டால் மதுரையிலிருந்து வரும் திறன் உச்ச அளவில் இரண்டே கால் சதவீதமாக ஏற்கெனவே குறைந்துவிட்டது தெரிகிறது.

இந்த இடத்தில் அறிவுரையை மீறுவதே நல்லது. குழாயை இன்னும் 11 டிகிரி திருப்பி, அதன் நுனி நேராக மதுரையைக் குத்தும்படி வைத்தால் என்ன இழப்பு? கொடைக்கானல் இப்போது உச்சியிலிருந்து 11 டிகிரி விலகிவிடுகிறது; அங்கே திறன் 95 சதவீதம். ஐந்து சதவீதத்தைக் கொடுத்து, மதுரையை இரண்டே கால் சதவீதத்திலிருந்து கணக்கின்படி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். வடையின் உச்சி மழுங்கலானது, ஓட்டை கூர்மையானது. உச்சியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி பிசகினால் யாருக்கும் தெரியாது, ஓட்டையில் அதே பிசகு கேட்கும். ஒலிபரப்பின் திசையைக் கண்டுபிடிக்கும் வேலையில் ஈடுபடுவோர் உச்சத்தைத் தேடாமல் மறைவைத் தேடுவதும் இதனால்தான். திருமங்கலத்தில் காம்பஸ் கூடத் தேவையில்லை: மாடியிலிருந்து வடகிழக்கே தெரியும் திருப்பரங்குன்ற மலையை நோக்கிக் குழாயை நீட்டினால் சில டிகிரிக்குள் சரியாக அமைந்துவிடும். மதுரை நகருக்குள்ளேயே இருப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவரைச் சுற்றி நிலையங்கள் வெவ்வேறு திசையில் இருக்கக்கூடும், ஓட்டையோ ஒரே கோட்டில்தான் இருக்கிறது.

திருப்பிப் பார்ப்பவர் சத்தத்தின் அளவைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. எஃப்.எம். ரேடியோ, வரும் அலையின் வலுவை வெட்டிச் சமன்செய்துவிட்டு அதிர்வெண் மாற்றத்தை மட்டும் படிக்கிறது. அலை பாதியானாலும் பத்தில் ஒன்றானாலும் பாட்டின் சத்தம் குறையாது. முதலில் ஸ்டீரியோ விளக்கு அணையும், பிறகு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் பாட்டுக்கு அடியிலிருந்து எழும், அதற்குப் பிறகுதான் பாட்டு சிதையும். ஆகவே மெலிதாகக் கேட்கும் ஒரு நகரத்து நிலையத்தை வைத்துக்கொண்டு, எந்தத் திசையில் இரைச்சல் அதிகமாகிறது என்று கேட்டுத் திருப்புவதே சரியான வழி.

அப்படித் திருப்பியும் மதுரை மறைய மறுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. கோஆக்ஸின் வெளிப்பின்னல் ஆன்டெனாவின் ஒரு கையோடு நேராக இணைந்திருப்பதால், அந்தப் பின்னலின் வெளிப்பரப்பு மூன்றாவது கையாகி, தான் தொங்கும் திசையில் தனக்கென ஒரு வடையை உண்டாக்குகிறது. கம்பத்தோடு செங்குத்தாக இறங்கும் கேபிளுக்குத் தரையோடு ஒட்டிய திசைகளில் ஓட்டையே கிடையாது. எனவே குழாய் மறுத்ததைக் கேபிள் வாங்கிக் கொடுத்துவிடும். சோதிப்பது எளிது: ரேடியோ ஒலிக்கும்போது கேபிளைக் கையால் பிடித்து அசைத்தால் அல்லது தடவிக்கொண்டே போனால் இரைச்சல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் கேபிள் ஆன்டெனாவாகிவிட்டது என்று பொருள். இணைப்புக்குச் சற்றுக் கீழே கேபிளைச் சில சுற்றுகள் வளையமாகச் சுற்றிக் கட்டுவதோ, பெரைட் வளையங்களை மாட்டுவதோ அந்த ஓட்டத்தைத் தடுக்கும். இணைப்பிலிருந்து குறைந்தது முக்கால் மீட்டராவது குழாய்க்குச் செங்குத்தாகக் கேபிளைக் கொண்டுபோன பிறகே வளைக்க வேண்டும்.

கேபிள் குற்றமற்றது என்றால், எதிரொலிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். நகரத்திலிருந்து புறப்பட்ட அலை மலைகளிலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டு, நுனியல்லாத வேறு திசையிலிருந்து வந்தால் வடை அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். கிடையாகப் படுத்த குழாய் கிடைவாக்கில் அதிரும் மின்புலத்தையே பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது, பல எஃப்.எம். நிலையங்கள் இரு வாக்கிலும் கலந்து அனுப்புவதால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. குழாயை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்தால் ஓட்டைகள் வானத்தையும் தரையையும் பார்க்கும், நான்கு திக்கிலும் ஒரே அளவு கேட்கும், மதுரையைத் தவிர்க்கும் வழி போய்விடும்.

தரையும் வடையில் கைவைக்கும், ஆனால் எந்த அளவுக்கு என்பது உயரத்தை அலைநீளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மாடி, கம்பம் எல்லாம் சேர்ந்து பத்து மீட்டர் உயரம் என்றால், 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அது மூன்று அலைநீளத்துக்கும் மேல். தரையில் பட்டு வரும் அலை மேல்கீழ் வாக்கில் வடையைப் பல அடுக்குகளாகக் கீறிவிடுமே தவிர, நுனித் திசையின் மறைவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். அதே பத்து மீட்டரில் 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலைக் கட்டினால் கதை மாறுகிறது. அங்கே அலைநீளம் 42 மீட்டர், உயரம் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கீழ்நோக்கிப் போன அலை கால் அலைநீளம் இறங்கி, தரையில் குறி மாறி, கால் அலைநீளம் ஏறி வருகிறது. கம்பியின் நுனியில் பார்த்த அதே இரட்டை மாற்றம்தான், ஆகவே நேர் மேலே போகும் அலையோடு அது கூடுகிறது. அடிவானத்தை ஒட்டிய திசைகளில் இரண்டும் சம தூரம் செல்ல, குறி மட்டும் மாறியிருப்பதால் கழிந்துபோகின்றன. வடையின் பக்கவாட்டுப் பகுதிகள் கரைந்து, வானத்தை நோக்கிய ஒரு பெரிய உப்பல் மட்டும் மிஞ்சுகிறது. மதுரையிலிருந்து பகல் நேரத்தில் சென்னையோடு பேச நினைக்கும் ஹாம் இதைக் குறையாகக் கருத மாட்டார், ஏனென்றால் செங்குத்துக்கு நெருக்கமாக ஏறி அயனமண்டலத்தில் பட்டு இறங்கும் அலை அந்த 400 சொச்சம் கிலோமீட்டருக்கு ஏற்றதாக இருக்கிறது. ஆனால் அவர் தன் கம்பியைச் சென்னைக்குக் குறுக்கே கட்டுவதா, நேரே கட்டுவதா என்று யோசித்துத் தென்னை மரங்களை மாற்ற வேண்டியதில்லை. அந்த உயரத்தில், அவ்வளவு செங்குத்தாகப் போகும் அலைக்கு, கம்பி எந்தத் திசையில் நீண்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான்.